கன்னி மூலையில் ஒரு துளை

நான் எழுதிய மண் பரிசோதனை அறிக்கைக்கு ஒருவர் மஞ்சள் குங்குமம் வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நிறுத்தினார். ஆம்பூர்க்காரர். நாற்பத்தாறு பக்கம், சுருள் கம்பி பைண்டிங், மேலே பளபளவென்று பிளாஸ்டிக் அட்டை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ஊதுபத்தி காட்டிவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், புஸ்தகம் வந்து சேந்திச்சி. ரொம்ப நல்லாருக்குது. அதுல இன்னா சொல்லியிருக்குது?"

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாக வேலூரில் ஒரு சின்ன கம்பெனியில் இந்த வேலைதான் செய்கிறேன். யாராவது கட்டடம் கட்டுவதற்கு முன்னால் நிலத்தைத் துளைத்து, எந்த ஆழத்தில் என்ன மண் இருக்கிறது, அது எவ்வளவு எடை தாங்கும், எடை ஏறினால் எவ்வளவு அமுங்கும் என்று எழுதிக் கொடுப்போம். அறிக்கை எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அதை யாரும் படிப்பதில்லை என்பதும் தெரியும். கட்டட வரைபடம் போடும் இன்ஜினியர் கடைசி அட்டவணையைத் திருப்பி ஒரு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிடுவார். கட்டடம் யாருடையதோ அவர் அட்டையைத் தடவிப் பார்ப்பார். இந்த மனுஷன் ஒருத்தர்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

"அதான் எல்லாம் எழுதியிருக்கே சார்."

"இங்கிலீஷ்ல இருக்குது மேடம். என் பொண்ணு படிச்சிப் பாத்தா. இங்கிலீஷ் புரியுதுப்பா, விஷயம்தான் புரியலன்றா."

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஷூ பேக்டரியில் தோல் வெட்டுகிறவராக இருந்து, பிறகு மனைவியோடு சேர்ந்து ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் யூனிட் ஒன்றைத் தொடங்கினார். வாடகைக் கொட்டகை. அறுபது தையல் மெஷின், அறுபது பெண்கள். அந்தக் கொட்டகையை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும். அதனால் ஊருக்கு வெளியே ஏற்கெனவே வாங்கிப் போட்டிருந்த மனையில், கீழ்த்தளமும் மேலே இரண்டு தளமுமாகச் சொந்தக் கட்டடம். கீழே வெட்டுவது, மேலே இரண்டு மாடியிலும் தைப்பது. பத்து நாளில் முகூர்த்தம் பார்த்து அடித்தளம் தோண்டுவதாக இருந்தார். இவ்வளவு நாள் சேர்த்ததெல்லாம் அந்த மனைக்குள் இறங்கப் போகிறது. அப்படிப்பட்டவர் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் தப்பா? இல்லை. இப்போது நிதானமாகச் சொல்கிறேன். அன்றைக்கு நிதானம் இல்லை.

எங்கள் முதலாளி விஷயத்தைக் கேட்டு, "ஒரே பக்கத்துல, தமிழ்ல, தசமப் புள்ளி இல்லாம எழுதிக் குடுத்துடுங்க. அரை மணி நேர வேலைதானே" என்றார். அவர் எதையும் எழுதுகிறவர் இல்லை. அதனால் எல்லாமே அவருக்கு அரை மணி நேர வேலை.

மூன்று ராத்திரி எழுதினேன். முதல் வாக்கியம் இப்படித் தொடங்கியது: "மேற்படி மனையின் அடித்தள மண்ணின் பாதுகாப்பான நிகரத் தாங்குதிறனானது..." என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாருக்கு கோர்ட்டு நோட்டீஸ் அனுப்புற?" என்றார். கிழித்துப் போட்டேன். அடுத்ததில் மண்ணை இட்லி மாவோடு ஒப்பிட்டேன். அதைப் படித்தால் புளித்துவிட்டதா இல்லையா என்றுதான் கேட்கத் தோன்றியது. மூன்றாவதை ஒருவழியாக முடித்து ஒரு பக்கத்தில் அடக்கினேன். போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று நேரிலேயே ஆம்பூர் போனேன்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் பசை வாசனை மூக்கில் ஏறியது. அறுபது மெஷினும் ஒன்றாக ஓடும் சத்தத்தில் வணக்கம் சொன்னதே யாருக்கும் கேட்கவில்லை. ஒரு ஓரத்தில் நீள மேஜை. அவருடைய மனைவி அங்கே நின்றுகொண்டு, தைத்து வந்த ஒவ்வொரு பீஸையும் விரலால் தடவிப் பார்த்து, சரியானதை வலப்பக்கமும் தப்பானதை கீழே இருந்த கோணிப்பையிலும் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்த பார்வையும் கிட்டத்தட்ட அந்த விரல் மாதிரிதான் இருந்தது. எந்தப் பக்கம் போடுவது என்று யோசித்தார்.

ஆம்பூர்க்காரர் எனக்கு நாற்காலி போட்டார். டீ வந்தது. நான் அந்த ஒரு பக்கத்தைக் கையில் எடுத்தேன்.

"சார், மொதல்ல தாங்குதிறன். ஒரு சதுர மீட்டர் மண்ணு மேல எத்தன டன் வெக்கலாம்ன்றதுதான் அது."

"அப்டினா?"

எழுதி வைத்திருந்த விளக்கத்தைப் படித்தேன். அவர் பணிவாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். டாக்டர் எதிரில் நானும் அப்படித்தான் ஆட்டுவேன். பக்கத்தில் லேடீஸ் ஷூ மாடல் ஒன்று கிடந்தது. குச்சி மாதிரி ஹீல். அதை எடுத்து, "இதப் போட்டுக்கினு நஞ்ச நெலத்துல நடந்தா?" என்றேன்.

"புதைஞ்சிடும்."

"அதே பொம்பள ரப்பர் செருப்பு போட்டுக்கினு நடந்தா?"

"அவ்ளோவா புதையாது."

"எடை ஒண்ணுதான். அத எவ்ளோ எடத்துல பரப்புறோம்ன்றதுதான் கணக்கு. தூணு ஹீலு மாதிரி. தூணுக்குக் கீழ மண்ணுல போடுற கான்கிரீட் மேடை சோலு மாதிரி. மண்ணு எவ்ளோ தாங்கும்னு நாங்க சொன்னா, சோலு எவ்ளோ அகலம்னு உங்க இன்ஜினியர் முடிவு பண்ணுவாரு."

அவர் முகம் மலர்ந்தது. ஷூக்காரருக்கு வேறென்ன வேண்டும். மனைவியும் தடவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. மூன்று ராத்திரியாக வராத வாக்கியங்கள் ஒரு ஹீலில் வந்துவிட்டன என்று கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

"சரி, எத்தன டன்னு வந்துது?" என்றார்.

இங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "ரெண்டு கணக்கு இருக்கு. மண்ணு பொளந்து, பக்கவாட்டுல பிதுங்கி, மேடை கவுந்துடக் கூடாது. அந்தக் கணக்குல, வேண்டிய அளவு பாதுகாப்பு வெச்சும் இருவத்திநாலு டன் தாங்குது. ஆனா..."

"இருவத்திநாலு" என்று அவர் மனைவியைப் பார்த்துச் சொன்னார். "நான் சொன்னேன்ல, நல்ல மண்ணு."

"ஆனா சார், நீங்க பதினஞ்சுதான் எடுத்துக்கணும்."

அவர் முகம் விழுந்துவிட்டது. கடைக்காரர் ஒரு விலை சொல்லி, பையில் போடும்போது வேறு விலை சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். ரெண்டாவது கணக்கு அமுங்குவதைப் பற்றியது என்று சொன்னேன். இருபத்திநாலு டன் வைத்தால் மண் பிளக்காது, ஆனால் அமுங்கும். ஷூவுக்குள் போடும் மெத்து மாதிரி. கிழியாது, ஆனால் மிதிக்க மிதிக்கத் தாழ்ந்துகொண்டே போகும். ஒரு அங்குலத்துக்கு மேல் அமுங்கக் கூடாது என்று வைத்துக் கணக்குப் போட்டால் பதினைந்துதான் வருகிறது. ரெண்டு எண் வந்தால் சின்னதைத்தான் எடுக்க வேண்டும்.

"பத்தொம்பது போட்டுக்கலாமா?" என்றார்.

"இது பேரம் இல்ல சார்."

"ஜாஸ்தி கேக்கல மேடம். நடுவுல ஒண்ணு. பதினெட்டு."

இருபது வருடத்தில் மண்ணின் தாங்குதிறனுக்குப் பேரம் பேசியவர் இவர் ஒருவர்தான். தோல் மண்டியில் வளர்ந்த ஆள். யாராவது ஒரு எண் சொன்னால் அதில் கொஞ்சம் இறங்குவதோ ஏறுவதோ மரியாதை என்று நினைக்கிறார். நான் பதினைந்திலேயே நின்றேன். அவர் விடாமல், "அப்ப சோல இன்னும் அகலமாப் போட்டா அமுங்காதுல்ல?" என்றார். புத்திசாலித்தனமான கேள்விதான். அகலமாகப் போட்டால் சதுர மீட்டருக்கு விழும் எடை குறையும், உண்மை. ஆனால் மேடை அகலமாக ஆக ஆக அதன் பாரம் இன்னும் ஆழத்து மண்ணையும் போய் அழுத்தும். அகலத்தைப் போல ஒன்றரை, ரெண்டு மடங்கு ஆழம் வரைக்கும் போகும். அகலத்தை ரெண்டு மடங்கு ஆக்கினால் அமுங்குவது அந்த அளவுக்குக் குறைந்துவிடாது. இதைச் சொன்னதும் அவர் ஒரு பெருமூச்சு விட்டு, "சோலுல இந்தப் பேஜார் இல்ல மேடம்" என்றார்.

அவர் மனைவி முதல்முறையாக வாயைத் திறந்தார். "கட்டடம் மொத்தமா ஒரு அங்குலம் எறங்கினா இன்னா ஆய்டும்? யாருக்குத் தெரியப் போவுது?"

"மொத்தமா ஒரே சீரா எறங்கினா ஒண்ணும் ஆவாதுக்கா. ஒரு தூணு எறங்கி பக்கத்துத் தூணு எறங்காம நின்னாத்தான் ஆபத்து. பதினாறு அடி தள்ளி இருக்குற ரெண்டு தூணுக்கு நடுவுல ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வரைக்கும் பொறுத்துக்கலாம். அதுக்கு மேல போனா சொவரு வெடிக்க ஆரம்பிக்கும். இன்னும் போனா பீமு வெடிக்கும்."

"ஒரு கால் செருப்பு மட்டும் தேஞ்சிட்டா இடுப்பு நோவுற மாதிரி" என்றார் அந்த அம்மாள்.

"அதேதான்" என்றேன். என் மூன்று ராத்திரி உழைப்பையும் இவரே எழுதியிருக்கலாம்.

அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நான் பெருமையாகக் கடைசிப் பத்தியைப் படித்தேன். "இந்த முடிவுகள் மனையில் மூன்று இடங்களில் போட்ட துளைகளை வைத்து எடுக்கப்பட்டவை. ஒன்று வடகிழக்கு, ஒன்று வடமேற்கு, ஒன்று தென்மேற்கு மூலை. மூன்றிலும் மண் ஒரே மாதிரி இருக்கிறது. ஆகவே ஏற்றத்தாழ்வாக அமுங்கும் வாய்ப்பு குறைவு."

"தென்மேற்குன்னா கன்னி மூலைதானே?" என்றார் மனைவி.

"ஆமாக்கா."

"அங்க தோண்டலையே."

அவர் இருமினார். இருமல் இல்லாத இருமல். மனைவி அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பொருட்படுத்தவில்லை. "அங்க மெஷின நிறுத்தினாங்க. இவருதான் வேணாம்னு சொல்லி வடக்கால தள்ளி நிறுத்தச் சொன்னாரு. ரெண்டாவது ஓட்டைக்குப் பக்கத்துலயே போட்டுட்டு, பிரியாணி சாப்ட்டுப் போய்ட்டாங்க."

டீயைக் கீழே வைத்தேன். மேஜையிலிருந்த அறிக்கையைப் புரட்டினேன். மஞ்சள் விரலில் ஒட்டியது. ரெண்டாவது துளையின் பக்கமும் மூன்றாவது துளையின் பக்கமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. எழுதும்போதே பார்த்தேன். பார்த்துவிட்டு, மண் சீராக இருக்கிறது என்று மகிழ்ச்சியாக ஒரு பத்தி வேறு எழுதியிருந்தேன். பத்தடி தள்ளிப் போட்டால் ஒரே மாதிரி இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

எங்கள் துளை போடும் மேஸ்திரிக்கு அங்கிருந்தே போன் போட்டேன். முதலில் மென்று முழுங்கினார். அப்புறம், "ஓனரே கும்புட்டுக் கேட்டாரு மேடம். ஒரே மனதானே, மண்ணு எங்க போய்டப் போவுதுன்னு..." என்றார். எனக்கு அனுப்பிய துளைக் குறிப்பில் மட்டும் தென்மேற்கு என்று ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். "நீங்க குடுத்த படத்துல அப்டித்தான இருந்துச்சி" என்றார். கோபத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

போனை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். "ஏன் சார் வேணாம்னீங்க?"

"கன்னி மூலையில குழி தோண்டக் கூடாது மேடம். வீட்டுக்கு ஆவாது."

"ஒரு வாரத்துல அடித்தளத்துக்கு அங்க ஏழடி தோண்டப் போறீங்களே. அது குழி இல்லையா?"

"அது பூஜ போட்டுத் தோண்டுறது."

பூஜை போட்டால் குழி குழியாகாது என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. நான் விடவில்லை. "அந்த மூலையில அப்டி இன்னா பயம்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். மெஷின் சத்தத்தில் நான் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது. "அங்கதானே மேடம் மொதல்ல ஒரு கெணறு இருந்துச்சி. மனைய வாங்குனதுலேர்ந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு கஷ்டம். ஆர்டரு வராது, வந்தா ரிஜெக்ட் ஆவும். வாஸ்து பாக்குறவரு வந்து பாத்துட்டு, கன்னி மூலையில கெணறு வெச்சிக்கினு எப்டிங்க உருப்படுவீங்கன்னு கேட்டாரு. தண்ணியும் உப்பாப் போய்டிச்சி. மூடிட்டோம்."

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். பிறகு டாக்டர் கேட்பது மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"எவ்ளோ ஆழம்?"

"முப்பத்தஞ்சு அடி இருக்கும்."

"அகலம்?"

"பதினெட்டு, இருவது."

"எதப் போட்டு மூடினீங்க?"

"கெடைச்சதெல்லாம் போட்டோம். இடிச்ச சொவரு, சாம்பல், வெட்டி மிஞ்சின தோலு. ரிஜெக்ட் ஆன பீஸெல்லாம் மூட்ட மூட்டையா." பிறகு, நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து, "மேல நல்ல செம்மண்ணு" என்றார்.

"இடிச்சி கெட்டிப்படுத்தினீங்களா?"

"தண்ணி ஊத்தினோம்."

வரைபடத்தை எடுக்கச் சொன்னேன். தென்மேற்கு மூலையில் மாடிப்படி. அதன் தலைக்கு மேல் பத்தாயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி. பக்கத்தில் ஜெனரேட்டர். ஏன் எல்லா எடையும் அங்கேயே என்று கேட்கவில்லை. கன்னி மூலை பாரமாக இருக்க வேண்டும் என்பதுதான் எல்லாருக்கும் தெரியுமே. கிணற்றை மூட வைத்தது அந்தச் சாஸ்திரம். எங்கள் துளையைத் தள்ளி வைத்தது அதே சாஸ்திரம். கட்டடத்திலேயே கனமான எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கிணற்றுக்கு மேல் உட்கார வைத்ததும் அதே சாஸ்திரம். ஒரு மனுஷன் இதைவிட ஒழுங்காக விதிகளைக் கடைப்பிடிக்க முடியாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் சிரித்தேன். அவரும் பாவம் மரியாதைக்குக் கூடச் சிரித்தார்.

"அந்த மூலைத் தூணு மட்டும் எறங்கும் சார்" என்றேன். "மத்ததெல்லாம் ஒரு அங்குலத்துல நிக்கும். இது எவ்ளோன்னு எனக்கே தெரியாது. அரை அடி கூட எறங்கலாம். ஒரே நாள்ல எறங்காது. மேல மெஷின் எல்லாம் போட்டு, ஆளுங்க ஒக்காந்து, ரெண்டு மழ பேஞ்ச பொறவு எறங்கும்."

அவர் சிரிப்பு நின்றது. ஆனால் பேர புத்தி போகவில்லை. "அந்த மூலைக்கு மட்டும் பதினஞ்ச கம்மி பண்ணி பத்து போட்டுக்கலாமா? எட்டு?"

"அங்க இன்னா இருக்குதுன்னே தெரியாம எந்த நம்பரும் போட முடியாது சார். அங்க தொளச்சிப் பாக்காம நான் குடுத்த ரிப்போர்ட்டு செல்லாது. இந்தப் பேப்பரும் செல்லாது." அந்த ஒரு பக்கத்தை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் நாடகத்தனமாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

"முகூர்த்தம் குறிச்சாச்சி மேடம். அதுக்கு முன்னால அங்க குழி போட்டா..." அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. ஒரு பக்கம் பொங்கல் கெடு, ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் சாமி. நான் இவரைப் பார்த்துச் சிரித்தேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் இறங்கி வரவில்லை.

மனைவி ஒரு பீஸைத் தடவி, கோணிப்பையில் போட்டார். "பூஜ போட்டுத் தோண்டினா குழி இல்லன்னீங்க இல்ல? இவங்க தொளைக்கும் பூஜ போட்ருங்க" என்றார். கணவர் ஐயருக்குப் போன் போட்டார். எனக்கு இது தோன்றவே இல்லை. இருபது வருட அனுபவம் இருந்து என்ன பிரயோஜனம்.

நாலாம் நாள் காலையில் துளை போடும் முக்காலியை நிறுத்தினோம். ஐயர் வந்தார். இரும்பு முக்காலிக்கு மாலை, கப்பிக்குச் சந்தனம், துளைக்கும் குழாய்க்கு எலுமிச்சம்பழம். எங்கள் மேஸ்திரிக்கும் நெற்றி நிறைய விபூதி. முகத்தில் குற்றம் செய்தவன் பக்தி. இந்த முறை இடத்தை நானே அளந்தேன். போதாதென்று அந்த அம்மாள் போய் கிணற்றின் நடுவில் என்று நினைத்த இடத்தில் நின்றுகொண்டார். "இங்க" என்றார். அவரை நகரச் சொல்லிவிட்டுத் துளைக்க வேண்டியிருந்தது.

எங்கள் பரிசோதனை எளிமையானது. துளைக்குள் ஒரு குழாயை இறக்கி, அறுபத்துமூன்றரை கிலோ இரும்புச் சம்மட்டியை ரெண்டரை அடி உயரத்திலிருந்து அதன் மேல் விடுவோம். குழாய் கடைசி முப்பது சென்டிமீட்டர் இறங்க எத்தனை தடவை சம்மட்டி விழுகிறது என்று எண்ணுவோம். ஜாஸ்தி விழுந்தால் கெட்டி மண். கம்மியாக விழுந்தால் தளர்ந்த மண். மற்ற துளைகளில் பதினைந்து, இருபது, கீழே போகப் போக ஐம்பதுக்கு மேல் எண்ணியிருந்தோம். இதைச் சொன்னதும் ஆம்பூர்க்காரர் தானே எண்ணுவதாகச் சொல்லி முன்னால் வந்து நின்றார்.

ஒன்றரை மீட்டரில் நாலு எண்ணினார். "நாலு ஆச்சி மேடம், நல்ல நம்பர்தானே?" என்றார். மூன்று மீட்டரில் ரெண்டு. நாலரை மீட்டரில் சம்மட்டியைக் குழாய் மேல் வைத்தார்கள், விடக்கூட இல்லை, அந்தப் பாரத்துக்கே குழாய் சத்தமில்லாமல் கீழே போனது. அவர் ஒன்று என்று சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பேயறைந்த மாதிரி இருந்தது முகம்.

குழாயை மேலே இழுத்துப் பிரித்தோம். சாம்பலும் சேறும். நடுவில் கறுப்பாக ஒரு துண்டு. மேஸ்திரி அதை வழித்துக் கீழே போடப் போனார். அந்த அம்மாள் வாங்கி, முந்தானையில் துடைத்து, விரலால் தடவினார். வழக்கமான அதே தடவல். அகலம் ரெண்டு விரல்கூட இல்லாத தோல், ஓரத்தில் வரிசையாக வெள்ளைத் தையல்.

"இது நம்ம பீஸு" என்றார். "அந்த வருசம் மொத்தமா திருப்பி அனுப்புனாங்களே, அந்த லாட்டு. நூலு பாருங்க, இப்பகூட விடல."

பத்தரை மீட்டரில்தான் குழாய் பாறைச் சரளையில் முட்டி நின்றது. ஐம்பது அடித்தும் இறங்கவில்லை. அவர் ஐம்பதையும் எண்ணினார். அன்றைக்கு அவர் முகத்தில் நான் பார்த்த ஒரே நிம்மதி அதுதான்.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. இன்ஜினியர் வரைபடத்தை மாற்றினார். கிணற்றின் மேல் ஒரு தூணும் வராது. அதன் ஓரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, ரெண்டு பக்கமும் கெட்டி மண்ணில் தூண். நடுவில் தடித்த பீம். அங்கே தரையும் மண்ணில் உட்காராமல் பீமிலேயே உட்காரும். தண்ணீர்த் தொட்டி மேற்குப் பக்கம் நடுவுக்குப் போனது. வாஸ்துக்காரர் என்ன சொல்வாரோ என்று ஆம்பூர்க்காரர் நடுங்கிக்கொண்டிருந்தார். அந்த மனுஷன் வந்து பீமின் கனத்தைக் கேட்டுவிட்டு, "இவ்ளோ பெரிய பீமு இருக்குதே, இதவிட பாரம் வேற இன்னா வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைப் போல எங்களுக்கும் வழி கண்டுபிடிக்கத் தெரிந்தால் நன்றாக இருக்கும். முகூர்த்தம் மூன்று வாரம் தள்ளிப்போனது. கொட்டகையை விற்றவர் காலில் விழாத குறையாகக் கேட்டு, தைப்பூசம் வரைக்கும் தவணை வாங்கினார்கள்.

புதிய அறிக்கையையும் அதோடு புதிய ஒரு பக்கத்தையும் கொடுக்கப் போனேன். இந்த முறை அது ஒரே இரவில் வந்துவிட்டது. ஹீல், மெத்து, தேய்ந்த செருப்பு எல்லாம் அதில் இருந்தது. அவர் சத்தமாகப் படித்தார். இருபத்திநாலு வந்தபோது ஒரு ஏக்கப் பார்வை பார்த்தார், பதினைந்தைப் படித்துவிட்டு மேலே போனார். "புரியுது மேடம்" என்றார். அது டாக்டர் எதிரில் சொல்லும் புரியுது இல்லை.

அவர் மனைவி அந்த ஒரு பக்கத்தைத் தொடவில்லை. மகளைக் கூப்பிட்டுப் பழைய அறிக்கையை எடுத்துவரச் சொன்னார். "தொளை போடாத எடத்துல வேற மாதிரி இருந்துட்டா இன்னா பண்றதுன்னு இதுல எங்கியாவது போட்டிருக்குதா?" என்று கேட்டார்.

போட்டிருந்தது. நாற்பத்துநாலாம் பக்கம், கடைசிப் பத்தி, மற்றதைவிடச் சின்ன எழுத்து. எல்லா அறிக்கையிலும் போடுவோம். மகள் அதைத் தமிழில் சொன்னாள். துளைகளுக்கு இடையில் உள்ள மண்ணும் இதே மாதிரி இருக்கும் என்று வைத்துக்கொண்டு இது எழுதப்பட்டது, வேறு மாதிரி இருந்தால் இந்த முடிவுகள் பொருந்தாது, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

அந்த அம்மாள் அந்தப் பத்தியை விரலால் தடவினார். "கட்டடம் சாஞ்சிருந்தா, நீங்க இந்த வரியக் காட்டியிருப்பீங்க. இல்லம்மா?"

துளையைத் தள்ளிப் போடச் சொன்னது உங்கள் வீட்டுக்காரர்தானே என்று நாக்கு நுனி வரை வந்தது. அதுவும் உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அது இல்லை. அந்த வரி இருப்பது எனக்கு எப்போதுமே தெரியும், ரெண்டு துளையும் ஒரே மாதிரி இருந்ததைப் பார்த்தும் நான் நிம்மதியாகத் தூங்கியதற்கு அந்த வரியும் ஒரு காரணம்.

"காட்டியிருப்பேன்க்கா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மேஜையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "அப்ப அத இந்தப் பேப்பர்ல மொதல் வரியா எழுதுங்க. எங்களுக்குப் புரியற மாதிரி."

அவருக்குப் பின்னால் அறுபது மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் தைக்க ஆரம்பித்தாள். இந்த மனையில் மூன்று இடத்தில்தான் பார்த்தோம், மற்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அங்கே முன்னால் என்ன இருந்தது என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதினேன். பிறகு மூன்றை அடித்துவிட்டு நாலு என்று திருத்தினேன்.